ஸ்பீக்கர் பாதி, ஹால் பாதி

புளூடூத் ஸ்பீக்கரில் பேஸ் போதவில்லை என்றால் கை முதலில் போவது வால்யூம் பட்டனுக்குத்தான். சிறிய ஸ்பீக்கர்களில் இது நேர்மாறான பலனைத் தரும். தாழ்ந்த ஸ்வரங்களை எழுப்ப, உள்ளே இருக்கும் கோன் நன்றாக முன்னும் பின்னும் அசைய வேண்டும். கையடக்கமான பெட்டியில் அதற்கு இடம் குறைவு. எல்லை மீறி அசைந்தால் ஒலி கரகரக்கும், கோனும் கெட்டுப்போகும். அதனால் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் உள்ளிருக்கும் சிப், வால்யூம் ஏற ஏறப் பேஸைத் தானாகவே குறைத்துவிடுகிறது. பாட்டு சத்தமாகும், கூடவே மெலிந்தும் போகும்.

பேஸ் வேண்டுமென்றால் வால்யூமை விட்டுவிட்டு ஸ்பீக்கரை நகர்த்துவதுதான் சரியான வழி. ஒயர் இல்லாத ஸ்பீக்கரின் பெரிய வசதியே இதுதான். பாடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்க்கலாம்.

பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ நல்ல தேர்வு. வால்யூமை நடுத்தரமாக வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை ஹாலின் நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வையுங்கள். பேஸ் கிட்டார் எங்கோ தூரத்தில் கேட்கும். பிறகு அதை ஒரு சுவரை ஒட்டி வையுங்கள். அதன்பின் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், தரையில் வையுங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்தை மாற்றாமல் மூன்றையும் கேட்டால், மூன்றும் ஒரே ஸ்பீக்கர்தானா என்று சந்தேகம் வரும்.

காரணம் எளிது. உச்ச ஸ்வரங்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி, ஸ்பீக்கர் பார்த்த திசையில் நேராகப் போகின்றன. பேஸ் அப்படிப் போவதில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு உள்ளங்கை அளவு பெட்டி ஒரு பொருட்டே இல்லை. அது பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவிவிடும், பின்பக்கமும் உட்பட. நடு ஹாலில் வைத்தால் பின்னால் போன பேஸ் சிதறி வீணாகிறது. சுவரை ஒட்டி வைத்தால் அது சுவரில் பட்டுத் திரும்பி, முன்னால் போகும் ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு சுவர் சேர்ந்தாலே தாழ்ந்த ஸ்வரங்களுக்கு 6 டெசிபல் வரை கூடுதல் கிடைக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் மூலம் பெற வேண்டுமானால் நான்கு மடங்கு பவர் தேவை. இன்னொரு சுவரும் தரையும் சேரும்போது இந்த லாபம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது.

அப்படியானால் மூலையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று தோன்றும். இரவு பத்து மணிக்குமேல், சத்தத்தைக் குறைத்துக் கேட்பவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல யோசனை. சத்தம் குறையும்போது நம் காது மற்ற ஒலிகளைவிடப் பேஸைத்தான் அதிகமாக இழக்கிறது. இதை அளந்து, வளைகோடுகளாக 1933-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும். இரவில் காது இழக்கும் பேஸை மூலை ஈடுகட்டிவிடும். பகலில் சத்தமாகக் கேட்கும்போது அதே மூலை தொல்லையாகிவிடும். குரலுக்கு மேலே பேஸ் ஒரு போர்வையாகப் படியும். பாட்டின் வார்த்தைகள் மங்கும். ஒயர் இல்லாத ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு இடம்தான் என்று கட்டாயமில்லை. இரவுக்கு மூலை, பகலுக்கு வேறு இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூலையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது, உங்கள் ஸ்பீக்கர் எந்த வகை என்பது. முன்பக்கம் மட்டும் பாடும் ஸ்பீக்கர் மூலையைத் தாங்கும்; அதிலிருந்து பேஸ் மட்டும்தான் பின்னால் போகிறது. உருளை வடிவில் சுற்றிலும் பாடும் ஸ்பீக்கர்களில் குரலும் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. அவற்றை மூலைக்குள் திணித்தால் குரல் குழறும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ தானாகத் துடிக்கும் வட்டமான சவ்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. சவ்வு இருக்கும் பக்கம் சுவரிலோ மேசையிலோ அழுந்தினால், எந்த மூலையில் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரம். இதில்தான் பலர் தெரியாமல் ஏமாறுகிறார்கள். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் பேஸ் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்போம். உண்மையில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரமே காணாமல் போகும். ஸ்பீக்கரிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்பும் பயணம் ஓர் அலையின் சரிபாதி நீளமாக இருந்தால், திரும்பி வரும் அலை நேர் எதிராக அசைந்து, முன்னால் போகும் அலையை அடித்துவிடும். நொடிக்குச் சுமார் 345 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், சுவரிலிருந்து 3 அடி தூரத்தில் 95 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். 2 அடியில் 140 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். பேஸ் கிட்டாரும் ஆண் குரலின் அடிப்பகுதியும் நடமாடும் இடம் இதுதான். ஒரு சாணுக்குள் வைத்தாலோ பள்ளம் மேலே ஏறிவிடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கர் முன்பக்கம் நோக்கியே அதிகம் பாடுவதால் சுவரால் பெரிய கெடுதல் இல்லை. ஆகவே ஒன்று, சுவருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். அல்லது நன்றாக விலக்கி வையுங்கள். இரண்டு, மூன்று அடி என்ற நடுத்தர இடம் ஆகாது. மூலையில் வைப்பதானால் இரண்டு சுவர்களுக்கும் ஒரே தூரம் விடாதீர்கள். ஒன்றுக்கு ஒரு சாண் விட்டால் மற்றதற்கு ஒன்றரை அடி விடுங்கள். தூரங்கள் சமமாக இருந்தால் இரண்டு பள்ளங்களும் ஒரே ஸ்வரத்தில் விழுந்து அதை முழுங்கிவிடும்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். என் தங்கை வீட்டு ஹால் 12 அடிக்கு 10 அடி. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, 10 அடி உயரக் கூரை. நம் ஊர் அபார்ட்மென்ட்களில் சகஜமான அளவு. 10 அடிச் சுவர் ஒன்றில் ஷோகேஸ். எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. முன்பக்கம் பாடும் நடுத்தர புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, ஷோகேஸின் கீழ் வரிசையில், மூலைப்பக்கத் தட்டில், உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. “பாட்டு ஏதோ பெட்டிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குண்ணா. ஒரே டும் டும்னு கேக்குது, வார்த்தை ஒண்ணும் புரியல” என்றாள். அவள் சொன்னதில் இரண்டு குறைகள் இருந்தன: பெட்டிச் சத்தம் ஒன்று, டும் டும் இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பெட்டிச் சத்தத்துக்குக் காரணம் தட்டு. மூன்று பக்கம் பலகை அடைத்து முன்பக்கம் மட்டும் திறந்த தட்டு, தனக்கென்று ஒரு ஸ்வரத்தில் அதிரும் கூண்டு. ஸ்பீக்கர் அதற்குள் ஆழமாக உட்கார்ந்தால் எல்லாப் பாட்டின்மீதும் அந்த ஸ்வரத்தின் சாயல் ஏறும். தவிர, அதன் முகத்துக்கு முன்னால் நீளும் பலகையில் குரல் பட்டுத் தெறித்து, ஒரு கணம் தாமதித்துக் காதுக்கு வருகிறது. ஸ்பீக்கரைத் தட்டின் முன்விளிம்புக்கு இழுத்து, முகம் விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தோம். காலியான பின்பகுதியில் புத்தகங்களை அடுக்கினோம். பெட்டிச் சத்தம் உடனே குறைந்தது. அடியில் ஒரு பழைய மவுஸ் பேட் போட்டதும் பலகையின் அதிர்வும் அடங்கியது.

மேல் தட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் மட்டும் கிணுகிணுத்தன. இந்த மாதிரிச் சத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பாட்டு ஓடும்போதே சந்தேகமான பொருளைக் கையால் அழுத்தினால், குற்றவாளியாக இருந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். கண்ணாடிக் கதவு, ஜன்னல் கம்பி, போட்டோ சட்டம் எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கலாம். இரும்பு பீரோவின்மேல் ஸ்பீக்கரை வைக்கவே வேண்டாம். பீரோவின் தகடே பாட ஆரம்பித்துவிடும்.

அடுத்து உயரம். கீழ்த் தட்டில் இருந்தபோது குரல் சோபாவில் இருந்தவர்களின் முழங்காலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடிதான். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் கூர்மை நேராகப் போகும் உச்ச ஸ்வரங்களில் இருப்பதால், ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருந்தால்தான் வார்த்தை புரியும். ஸ்பீக்கரை இரண்டு தட்டு மேலே ஏற்றினோம். அப்படி ஏற்ற இடமில்லாத வீட்டில் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, முகம் காதைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாலும் போதும். ஃபிரிட்ஜின் மேலும் லாஃப்டிலும் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. குரல் தலைக்கு மேலே போய்விடுகிறது. கூரையும் ஒரு சுவர்தான் என்பதால் அங்கே இன்னொரு மூலையும் வந்து சேர்கிறது.

டும் டும் மட்டும் மிச்சமிருந்தது. பேஸ் கிட்டார் படியேறி இறங்கும்போது எல்லா ஸ்வரங்களும் ஒரே அளவில் கேட்க வேண்டும். அங்கே ஓரிரண்டு ஸ்வரங்கள் மட்டும் வீங்கின. ஒன்றிரண்டு ஸ்வரங்களில் மட்டும் முழக்கம் வந்தால் பழி ஸ்பீக்கர்மேல் இல்லை, அறையின்மேல்தான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை மாட்டிக்கொண்டு ஓரிடத்திலேயே நின்று ஆடுகிறது. 12 அடி நீளத்துக்கு 94 ஹெர்ட்ஸ் கச்சிதமாகப் பொருந்துகிறது, 10 அடி அகலத்துக்கு 113 ஹெர்ட்ஸ். இரண்டிலும் பாதியான 47, 56 ஹெர்ட்ஸும் பொருந்தும் என்றாலும், சிறிய ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே சரியாகப் பாடுவதில்லை. மேல்நாட்டு வீடுகளில் ஜிப்சம் பலகைச் சுவர்கள் லேசாக வளைந்து இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். நம் செங்கல் சுவர் உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். வெளிநாட்டு ஆலோசனையை நம்பி நம் வீட்டில் மூலையில் வைப்பவர்கள் அளவுக்கு மீறிய முழக்கத்தைக் கேட்பது இதனால்தான்.

நின்று ஆடும் இந்த அலை சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். அறை நீளத்தின் கால் பங்கில் ஏறக்குறைய காணாமல் போகும், நடுவில் மறுபடியும் உச்சம் தொடும். 12 அடிக்குக் கால் பங்கு 3 அடி. சோபா சுவரை ஒட்டி இருந்ததால் என் தங்கையின் காது சுவரிலிருந்து ஒரே ஒரு அடியில் இருந்தது, உச்சத்துக்கு மிக அருகில். சோபாவை ஓர் அடி முன்னால் நகர்த்தினோம். கணக்குப்படி 94 ஹெர்ட்ஸின் அழுத்தம் 87 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்க வேண்டும். காதுக்கும் அது தெளிவாகத் தெரிந்தது. ஸ்பீக்கரைத் தொடாமலே முழக்கத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பேஸைப் பொறுத்தவரை கேட்பவர் உட்காரும் இடமும் ஸ்பீக்கர் வைக்கும் இடமும் ஒரே எடை உள்ளவை.

அகலத்தில் எழும் முழக்கத்துக்கு ஸ்பீக்கரை இடவலமாக நகர்த்த வேண்டும். எங்கே என்று கண்டுபிடிக்க ஒலித்துறையில் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரும் காதும் இடம் மாறினாலும் அவற்றுக்கிடையே அறை செய்யும் மாற்றம் ஒன்றேதான். ஆகவே நீங்கள் உட்காரும் இடத்தில் ஸ்பீக்கரை வையுங்கள். ஸ்பீக்கர் வைக்கக்கூடிய இடங்களில் உங்கள் தலையை வைத்துக் கேளுங்கள். சோபாவில் இரண்டு தலையணைகளை அடுக்கி, காது உயரத்தில் ஸ்பீக்கரை நிறுத்தினோம். பிறகு அந்தத் தட்டின் உயரத்தில் குனிந்தபடி ஷோகேஸை ஒட்டி மெல்ல நகர்ந்தோம். மூலையில் பேஸ் வீங்கியது. பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடிக்கு வந்ததும் பேஸ் கிட்டாரின் எல்லா ஸ்வரங்களும் ஒரே வரிசையில் வந்து நின்றன. 10 அடியில் கால் பங்கு இரண்டரை அடி. கணக்கும் காதும் ஒரே இடத்தைக் காட்டின. ஸ்பீக்கரை அந்தத் தட்டுக்கு மாற்றினோம். ஒயர் உள்ள ஸ்பீக்கரில் இந்த உத்தியைச் செய்ய அரை நாள் ஆகும். இதில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஸ்டீரியோ விஷயத்துக்கு வருவோம். ஒற்றைப் பெட்டிக்குள் இடது வலது என்று இரண்டு கோன்கள் இருந்தாலும் அவற்றுக்கு நடுவே ஒரு சாண்கூட இராது. ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தவருக்கு அது ஒரே புள்ளி. அதை எங்கே வைத்தாலும் வயலின் இடதிலும் தபேலா வலதிலும் வந்து உட்காராது. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஒலி பரவியதுபோலத் தோன்றும். வேலை செய்துகொண்டே கேட்பதற்கு அது சரி. வார்த்தைகளுக்காகக் கேட்பவர்களுக்குக் கூடாது.

ஒலிக்கு இரண்டு காதுகளும் இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து இடம் கொடுக்க முடியும் என்பதை 1931-ல் காப்புரிமை விண்ணப்பமாக எழுதியவர் லண்டனில் வேலை பார்த்த ஆலன் புளூம்லின் என்ற பொறியாளர். அவர் காலத்திலிருந்து இன்றுவரை நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சமமாக இருந்தால் உத்தமம்.

தங்கை வீட்டில் அதே மாடலில் இரண்டாவது ஸ்பீக்கர் வந்தது. இரண்டையும் ஸ்டீரியோ ஜோடியாக இணைப்பதுதான் முதல் வேலை. பல ஆப்களில் இதற்குப் பக்கத்திலேயே ‘பார்ட்டி’ என்று இன்னொரு வகை இணைப்பு இருக்கும். அதில் இரண்டும் ஒரே ஒலியைப் பாடும். என்ன இடைவெளி விட்டு வைத்தாலும் ஸ்டீரியோ வராது. ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கும் வாத்தியம் உள்ள பாட்டைப் போட்டு, அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் அதை வாசிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சோபாவிலிருந்து ஷோகேஸ் 9 அடி. சம முக்கோணத்தை நெருங்க வேண்டுமானால் ஸ்பீக்கர்களுக்கு இடையிலும் 9 அடியாவது வேண்டும். 10 அடி அகல ஹாலில் அப்படி வைத்தால் இரண்டும் மூலைக்குள் போய்விடும். இவ்வளவு நேரம் விரட்டிய முழக்கம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். இரண்டரை அடிக் கணக்கை விடாப்பிடியாக வைத்தால் இடைவெளி 5 அடிதான், மேடை சுருங்கிப்போகும். பக்கச் சுவர்களிலிருந்து ஒன்றரை அடி விட்டு, 7 அடி இடைவெளியில் நிறுத்தினோம். பேஸ் கொஞ்சம் ஏறியது. ஆப்பில் பேஸை ஒரு படி குறைத்துச் சரிசெய்தோம். ஸ்பீக்கர் இரண்டானாலே பேஸ் கூடும் என்பதால், ஜோடியாக வைப்பவர்களுக்கு மூலையின் உதவி பொதுவாகத் தேவைப்படாது.

முகங்கள் கேட்பவரை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியிருக்கட்டும். இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். சரியாக அமைந்ததா என்று குரலை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பாடகரின் குரல், ஸ்பீக்கரே இல்லாத நட்ட நடுவிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் தூரத்தை அளந்து பாருங்கள். முன்னதாக வந்து சேரும் ஒலியைத்தான் மூளை நம்பும். ஆயிரத்தில் ஒரு நொடி முந்தினாலே குரல் முழுதாக அந்தப் பக்கம் போய்விடும். இந்த ஹாலில் நடுவிலிருந்து ஒன்றரை அடி இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால், குரல் இடது ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று பேர் சோபாவில் நடுவில் இருப்பவருக்குத்தான் முழு ஸ்டீரியோ கிடைக்கும். எந்த ஏற்பாட்டிலும் இதை மாற்ற முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு விரியவில்லை என்றால், பாட்டையும் பாருங்கள். ‘ப்ரியா’ படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தது 1978-ல். அறுபதுகளின் பாடல்கள் பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியைத்தான் தரும், எல்லா வாத்தியமும் நடுவிலேயே குவிந்து நிற்கும். அந்தப் பாட்டுகளை ஒரு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இரண்டரை அடி இடத்தில் மற்றதை மட்டும் வைத்துக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குரல் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் இன்னும் தெளிவாக இருக்கிறது.